25, 29.97, 59.94 எல்லாம் ஒரே டைம்லைனில்: ஜெர்க் வராமல் சேர்ப்பது எப்படி? கேள்வி பதில்

கீழே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே உதாரணத்தை வைத்தவை. ஒரு கல்யாண வீடியோ. மெயின் கேமரா செகண்டுக்கு 25 ஃபிரேம், ஸ்லோ மோஷனுக்கு வைத்த இரண்டாவது கேமரா 59.94, ட்ரோன் 29.97, மணமேடைக்கு அருகில் நின்ற உறவினரின் மொபைலில் எடுத்தது ஏறக்குறைய 30. எல்லாமே 25 ஃபிரேம் டைம்லைனுக்குள் வர வேண்டும். மென்பொருள் டாவின்சி ரிசால்வ் அல்லது பிரீமியர் ப்ரோ.

30 ஃபிரேம் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் நீளம் சரியாத்தான் இருக்கு, சத்தமும் சரியா இருக்கு. ஆனா கேமரா திரும்பும்போது மட்டும் ஏன் வெட்டி வெட்டி ஓடுது?

டைம்லைன் 40 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் கேட்கிறது. கிளிப்பிலோ 33.3 மில்லிசெகண்டுக்கு ஒரு படம் இருக்கிறது. மென்பொருளை அதன் போக்கில் விட்டால், கேட்ட நேரத்துக்கு எது அருகில் இருக்கிறதோ அந்த ஃபிரேமை எடுத்துக் காட்டும். அப்படி எடுக்கும்போது ஆறு ஃபிரேமில் ஐந்துதான் திரைக்கு வரும், ஒன்று விழுந்துவிடும். விழுந்த இடத்தில் மட்டும் அசைவு இரண்டு மடங்கு தூரம் தாவுகிறது. நான்கு அடி சமமாக வைத்துவிட்டு ஐந்தாவது அடி தாண்டிக் குதிப்பதுபோல. இது ஒரு செகண்டில் ஐந்து முறை நடக்கிறது. அந்தத் தாளத்தைத்தான் கண் ஜெர்க் என்று பிடிக்கிறது.

எனவே ஜெர்க் என்பது ஃபிரேம் குறைவதால் வருவதல்ல, ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள கால இடைவெளி சமமில்லாமல் போவதால் வருவது. 50 ஃபிரேம் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் பாதி ஃபிரேம்கள் விழுகின்றன, இருந்தும் ஜெர்க் இல்லை, ஏனென்றால் ஒன்று விட்டு ஒன்று சீராக விழுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் கீழே சொல்லும் வழிகள் எல்லாம் தானாகப் புரியும்: ஒவ்வொரு கிளிப்பும் 25-ன் முழு மடங்கில் ஓட வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வழி இல்லாத கிளிப்புக்கு மட்டும்தான் இடை ஃபிரேம்களை உருவாக்கும் வேலை.

அசையாத ட்ரைபாட் ஷாட்டில் ஒருவர் உட்கார்ந்து பேசினால், இதே கோளாறு அதிலும் இருக்கும், ஆனால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பான், ட்ரோன் சுற்று, நடந்துகொண்டே எடுத்தது, குறுக்கே போகும் வண்டி, ஓடும் எழுத்து ஆகியவற்றில் உடனே தெரியும்.

டைம்லைன் ரேட்டை எதை வைத்து முடிவு செய்யணும்? அதிகம் இருக்கிற கிளிப் ரேட்டா, பெரிய நம்பரா?

நேரடிச் சத்தத்தோடு, அசைவோடு, வேகம் மாற்ற முடியாமல் ஓட வேண்டிய காட்சிகள் எந்த ரேட்டில் அதிகமோ அதையே வையுங்கள். ஸ்லோ மோஷன், ட்ரோன், அலங்கார ஷாட்டுகள் எண்ணிக்கையில் எவ்வளவு இருந்தாலும் கணக்கில் வேண்டாம், அவற்றின் வேகத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம். முகூர்த்தம், சடங்குகள், பேச்சு எல்லாம் மெயின் கேமராவில் 25-ல் இருப்பதால் இங்கே 25.

மொபைலுக்காக 29.97 டைம்லைன் போட்டால் கோளாறு இடம் மாறுமே தவிரத் தீராது. 25 கிளிப்பில் ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமும் இரண்டு முறை வரும். அப்போது வீடியோவின் பெரும்பகுதி நின்று நின்று ஓடும்.

ரிசால்வில் ஒரு எச்சரிக்கை. மீடியா பூலில் கிளிப்புகளைக் கொண்டுவந்த பிறகு ப்ராஜெக்டின் `Timeline frame rate` பூட்டிக்கொள்ளும். புதிய ப்ராஜெக்ட் திறந்ததும் கிளிப்பை இழுக்கும் முன்பே `Project Settings > Master Settings`-ல் 25 வைத்துவிடுங்கள். முதல் கிளிப்பை இழுக்கும்போது ப்ராஜெக்ட் ரேட்டை மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அந்த முதல் கிளிப் மொபைலுடையதாக இருந்து, யோசிக்காமல் சரி என்று அழுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பிரீமியரிலும் முதல் கிளிப்பை வலது கிளிக் செய்து சீக்வென்ஸ் உருவாக்கினால் அதன் ரேட்டே சீக்வென்ஸின் ரேட் ஆகிவிடும். மெயின் கேமரா கிளிப்பிலிருந்து உருவாக்குங்கள்.

மொபைல் கிளிப் 30 என்று காட்டுது. ஆனா போகப் போக உதடும் சத்தமும் விலகுது. இது என்ன?

மொபைல்கள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் பதிவு செய்கின்றன. ஒரு ஃபிரேம் 33 மில்லிசெகண்ட், அடுத்தது 34, வெளிச்சம் குறைந்தால் 41 என்று இடைவெளி நகர்ந்துகொண்டே இருக்கும். 30 என்று காட்டுவது சராசரி மட்டுமே. ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் அப்படித்தான். மீடியாஇன்ஃபோ என்ற செயலியில் கிளிப்பைத் திறந்து பாருங்கள், `Frame rate mode` எதிரே `Variable` என்று இருந்தால் சந்தேகம் வேண்டாம். எவ்வளவு மாறுகிறது என்று அறிய, ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியில்:

```
ffmpeg -i mobile.mp4 -vf vfrdet -an -f null -
```

கடைசி வரிகளில் `VFR:` என்று வரும். அது 0.000000 என்றால் இடைவெளிகள் சீராக உள்ளன. 0.4 போல வந்தால் பத்தில் நான்கு ஃபிரேம்களின் இடைவெளி மாறியிருக்கிறது என்று பொருள்.

இப்படிப்பட்ட கிளிப்பை முதலில் அதன் சொந்த ரேட்டிலேயே நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்ற வேண்டும்:

```
ffmpeg -i mobile.mp4 -fps_mode cfr -r 30 \
 -c:v prores_ks -profile:v 3 -pix_fmt yuv422p10le \
 -c:a pcm_s16le -ar 48000 mobile_cfr.mov
```

மீடியாஇன்ஃபோவில் சராசரி 29.97-ஐ ஒட்டி இருந்தால் `-r 30000/1001` என்று கொடுங்கள். பழைய ffmpeg பதிப்பு `-fps_mode` தெரியாது என்றால் அதற்குப் பதில் `-vsync cfr`.

இங்கேயே `-r 25` கொடுத்து ஒரே அடியில் முடித்துவிடலாமே என்று தோன்றும். அது கூடாது. இந்தக் கட்டளை இடை ஃபிரேம்களை உருவாக்காது, அருகில் உள்ளதை எடுத்து மீதியைக் கழித்துவிடும். முதல் கேள்வியில் பார்த்த அதே ஜெர்க் இப்போது ஃபைலுக்குள்ளேயே பதிந்துவிடும், பிறகு எந்த எடிட்டராலும் எடுக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இருட்டான மண்டபத்தில் சில மொபைல்கள் தாமாகவே 24-க்கு இறங்கிவிடும். அந்தப் பகுதியை 30-க்கு நிலைப்படுத்தினால் நான்கு ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிப்பாக வரும். மாற்றிய கிளிப்பை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போது அப்படி ஒரே படம் இரண்டு முறை தொடர்ந்து தென்பட்டால், அந்தப் பகுதியை மட்டும் `-ss`, `-to` கொடுத்துத் தனியே வெட்டி `-r 24`-ல் மாற்றுங்கள். இரட்டிப்புகளை விட்டுவைத்து அதன்மேல், இடை ஃபிரேம்களை வரையும் ஆப்டிகல் ஃப்ளோ போட்டால் படம் நின்று நின்று துடிக்கும்.

ட்ரோன் ஷாட்டுக்கு சத்தம் வேண்டாம். அதை எப்படி சேர்ப்பது நல்லது?

இருப்பதிலேயே சுத்தமான வழி இதற்குத்தான் பொருந்தும். 29.97 கிளிப்பை 25 என்றே எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளிடம் சொல்லிவிடுங்கள். ஒரு ஃபிரேம்கூட விழாது, ஒன்றும் புதிதாக உருவாகாது. வேகம் மட்டும் 83.42 சதவீதமாகக் குறையும். பத்து செகண்ட் ஷாட் ஏறக்குறைய பன்னிரண்டு செகண்ட் ஆகும். கோபுரத்தையோ மண்டபத்தையோ சுற்றிவரும் ஷாட்டுக்கு அந்த நிதானம் அழகாகவே இருக்கும்.

ரிசால்வில் மீடியா பூலில் கிளிப்பை வலது கிளிக் செய்து `Clip Attributes`, அதில் `Video Frame Rate` 25. பிரீமியரில் ப்ராஜெக்ட் பேனலில் வலது கிளிக், `Modify > Interpret Footage`, அதில் `Assume this frame rate` 25. இரண்டிலும் டைம்லைனில் வைக்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. ஏற்கெனவே வெட்டி வைத்த கிளிப்பில் செய்தால் உள்ளே வெளியே குறித்த இடங்கள் நகர்ந்துபோகலாம்.

பிறகு ஷாட் மெதுவாக இருக்கிறது என்று அதே கிளிப்பை 120 சதவீத வேகத்துக்கு ஏற்றினால் எல்லாம் வீண். மீண்டும் ஆறில் ஒன்று விழும். வேகம் வேண்டுமென்றால் 200 சதவீதம் போங்கள், ஒன்று விட்டு ஒன்று சீராக எடுக்கும். அதற்கு நடுவில் உள்ள எந்த எண்ணும் ஏதோ ஒரு தாளத்தில் ஃபிரேமைத் தவறவிடும்.

இந்த வழி சரிப்படாத ஷாட்டும் இருக்கிறது. கீழே ஊர்வலம் நடக்கிறது, செண்டை மேளம் அடிக்கிறார்கள், வாண வேடிக்கை விடுகிறார்கள் என்றால் 83 சதவீத வேகம் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். மனிதர் நடக்கும் வேகத்தைக் கண் நன்றாக அறியும். அந்த ஷாட்டுகளை ஆப்டிகல் ஃப்ளோவுக்கு அனுப்புங்கள்.

59.94-ல் எடுத்ததை ஸ்லோ மோஷனா போட்டா நல்லா இருக்கு. ஆனா சில இடத்தில் சாதா வேகத்தில் வேணும். அப்போ ஜெர்க் வருது.

ஸ்லோ மோஷனில் 25 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருப்பீர்கள். 41.7 சதவீத வேகம், எல்லா ஃபிரேமும் வரிசையாக வரும், அதனால் பிசிறில்லை. சாதா வேகத்தில் 59.94-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. முழு எண் இல்லாததால் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்ற தாளத்தில் ஃபிரேம்களைத் தாண்டும். 30-லிருந்து வரும் ஜெர்க்கைவிட இது குறைவு, ஏனென்றால் பெரிய தாவல் சின்னத் தாவலின் ஒன்றரை மடங்குதான். ஆனாலும் பானில் தெரியும்.

சத்தம் தேவையில்லாத ஷாட் என்றால், அதே கிளிப்பை 50 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 25 டைம்லைனில் ஒன்று விட்டு ஒன்று விழும், சீராக இருக்கும். வேகம் மீண்டும் அதே 83.42 சதவீதம். மணமகள் நடந்து வருவது, பூ தூவுவது போன்றவற்றுக்கு இது போதும், ஸ்லோ மோஷன் என்றே யாரும் நினைக்க மாட்டார்கள். ஸ்லோ மோஷன் பிரதியும் தேவைப்பட்டால், மீடியா பூலில் கிளிப்பை இரட்டிப்பாக்கி ஒன்றை 25, மற்றதை 50 என்று வைத்துக்கொள்ளலாம்.

119.88-ல் எடுத்திருந்தால் அதிர்ஷ்டம். வேகத்தை 104.27 சதவீதம் வைத்து, இடை ஃபிரேம் முறையை, அருகில் உள்ள ஃபிரேமை அப்படியே எடுக்கும் `Nearest` என்றோ `Frame Sampling` என்றோ விட்டால் ஐந்துக்கு ஒரு ஃபிரேம் சரியாக வந்து உட்காரும். நான்கு சதவீத வேகக் கூடுதலை யாரும் கவனிப்பதில்லை.

இவ்வளவு செய்தும் படம் கரடுமுரடாகத் தோன்றினால், காரணம் ஷட்டர். 59.94-ல் எடுத்தவர் 1/120 ஷட்டர் வைத்திருப்பார். 25-ல் ஓடும்போது ஃபிரேமுக்கு 40 மில்லிசெகண்ட், அதில் 8 மில்லிசெகண்ட் அசைவு மட்டுமே பதிந்திருக்கிறது. கை வீசும்போது ஒவ்வொரு நிலையும் கூர்மையாகத் தனித்தனியே தெரியும். இது ஜெர்க் இல்லை, மோஷன் பிளர் பற்றாக்குறை. ரிசால்வ் ஸ்டுடியோவில் கலர் பக்கத்தின் `Motion Effects` பகுதியில் உள்ள `Motion Blur`-ஐ மிதமாகச் சேர்த்தால் பக்கத்து 25 ஷாட்டுகளோடு ஒட்டும்.

தாலி கட்டுறது மொபைல் கிளிப்பில் மட்டும்தான் தெளிவா இருக்கு. கெட்டிமேளம் ஓடுது, வேகத்தை மாத்தவே முடியாது. அதுக்கு என்ன வழி?

இதற்குத்தான் ஆப்டிகல் ஃப்ளோ. இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு ஒவ்வொரு புள்ளியும் எங்கே நகர்ந்தது என்று கணித்து, நடுவே இருக்க வேண்டிய படத்தை மென்பொருள் வரைகிறது. ஆனால் எவ்வளவு வரைகிறது என்பதை அறிந்து பயன்படுத்துங்கள். 30-லிருந்து 25-க்கு வரும்போது ஐந்து ஃபிரேமில் ஒன்றுதான் அசல், மற்ற நான்கும் வரையப்பட்டவை. அதனால் எல்லா மொபைல் கிளிப்பிலும் இதைப் போட்டுவிடுவது சரியில்லை. தேவையான ஷாட்டுக்கு மட்டும் போடுங்கள்.

முதலில் நிலையான 30-க்கு மாற்றிய ஃபைலை டைம்லைனில் வையுங்கள், வேகம் 100 சதவீதம். ரிசால்வில் கிளிப்பைத் தேர்ந்து இன்ஸ்பெக்டரில் `Retime and Scaling`, அதில் `Retime Process` `Optical Flow`, `Motion Estimation` `Enhanced Better`. ஸ்டுடியோ பதிப்பில் `Speed Warp` இருக்கும். மெதுவாக ரெண்டர் ஆனாலும் விரல்கள், மாலை விளிம்புகள் அதில் நன்றாகத் தாங்கும். பிரீமியரில் கிளிப்பை வலது கிளிக் செய்து `Time Interpolation > Optical Flow`. வேகத்தை மாற்றாவிட்டாலும் ரேட் வித்தியாசத்துக்கு இது வேலை செய்யும். பிறகு `Sequence > Render In to Out` கொடுத்த பின்தான் பலன் தெரியும். ரெண்டர் செய்யாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று கைவிடுகிறவர்கள் பலர்.

அடுத்த தொல்லை ஃபிளாஷ். தாலி கட்டும் நேரத்தில் சுற்றிலும் ஸ்டில் கேமராக்கள் அடிக்கும். மொபைலின் சென்சார் வரிவரியாகப் படிப்பதால், ஃபிளாஷ் ஒரு ஃபிரேமின் பாதியை மட்டும் வெள்ளையாக்கியிருக்கும். ஆப்டிகல் ஃப்ளோ அந்த வெள்ளையையும் நகரும் பொருள் என்று எண்ணி முன்னும் பின்னும் இழுத்துப் பூசும். முகம் உருகுவதுபோல் தெரியும். தீர்வு எளிது: ஃபிளாஷ் தொடங்கும் ஃபிரேமுக்கு முன்னும், முடியும் ஃபிரேமுக்குப் பின்னும் பிளேடால் வெட்டி, நடுவில் உள்ள அந்த இரண்டு மூன்று ஃபிரேம் துண்டை மட்டும் `Nearest` ஆக்குங்கள். அங்கே சின்னத் தாவல் இருந்தாலும் ஃபிளாஷ் வெளிச்சமே அதை மறைத்துவிடும். பத்து ஃபிளாஷ் இருந்தால் பத்து இடத்திலும் இதைச் செய்யத்தான் வேண்டும். குறுக்கு வழி கிடையாது, ஆனால் இந்த ஷாட்டுக்கு அந்த உழைப்பு தகும்.

ஆப்டிகல் ஃப்ளோ எங்கெல்லாம் சொதப்பும்? பார்த்தவுடனே எப்படி கண்டுபிடிக்கிறது?

ஒரு பொருள் இன்னொன்றை மறைத்து விலகும் இடங்களில் முதலில் பாருங்கள். மணமக்களுக்கு முன்னால் யாராவது குறுக்கே போனால் அவர் உடல் விளிம்பைச் சுற்றிப் பின்னணி நெளியும். மறைந்திருந்த பகுதியில் என்ன இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இரண்டாவது, ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் கோடுகள்: பட்டுப் புடவையின் கட்டம், ஜன்னல் கம்பி, மேடைச் சீரியல் பல்பு. பான் செய்யும்போது ஒரு கம்பியைப் பக்கத்துக் கம்பி என்று தவறாகப் பொருத்தி, கோடுகள் பின்னோக்கித் துடிக்கும். மூன்றாவது, மிக வேகமான சின்ன அசைவு. தவில் குச்சி, தூவும் அட்சதை, ஹோமப் புகை. அட்சதை அரிசிகள் நடுவானில் மறைந்து மீண்டும் தோன்றும்.

ரெண்டர் செய்த துண்டை வழக்கமான வேகத்தில் ஒரு முறை, பிறகு அம்புக்குறிக் கீயால் ஃபிரேம் ஃபிரேமாக ஒரு முறை பாருங்கள். ஐந்துக்கு ஒரு ஃபிரேம் அசல் என்பதால், கெட்ட இடத்தில் ஒரு ஃபிரேம் மட்டும் சுத்தமாகவும் மற்றவை நெளிந்தும் இருக்கும். அந்த அடையாளம் தென்பட்டால் ஆப்டிகல் ஃப்ளோதான் காரணம் என்று உறுதி செய்யலாம்.

அட்சதை தூவும் பகுதிக்கு எங்கள் தேர்வு: வெட்டி `Nearest`-ல் விடுவது. கூட்டமும் அரிசியும் எல்லாத் திசையிலும் அசையும்போது ஐந்தில் ஒரு தாவல் கண்ணில் படாது, நெளியும் முகம் கட்டாயம் படும். கேமரா ஒரே திசையில் சீராகத் திரும்பும் இடத்தில் இதற்கு நேர்மாறு. கேமரா கிட்டத்தட்ட அசையாமல் இருந்தாலும் `Nearest` போதும்.

ஃபிரேம் பிளெண்டிங் போட்டா வேகமா முடியுமே?

இரண்டு ஃபிரேம்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கும் முறை அது. 30-லிருந்து 25-க்கு வரும்போது ஒரு ஃபிரேம் கூர்மையாகவும் அடுத்த நான்கு இரட்டை விளிம்போடும் வரும். ஜெர்க் போய், செகண்டுக்கு ஐந்து முறை மங்கித் தெளியும் துடிப்பு வந்து சேரும். மேகம், நீர், புகை போன்ற கூர்மையான விளிம்பில்லாத காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெபிலைசர் முதலிலா, ஃபிரேம் ரேட் மாற்றம் முதலிலா?

ஸ்டெபிலைசர் முதலில், அதுவும் கிளிப்பின் சொந்த ரேட்டில். ஃபிரேம் விழுந்த பிறகு ஸ்டெபிலைசர் போட்டால், ஐந்தாவது தாவலைக் கைநடுக்கம் என்று நினைத்து அதையும் சமன்செய்யப் பார்க்கும். பின்னணி சீராகி முன்னால் உள்ளவர்கள் மட்டும் வெட்டி வெட்டி அசைவார்கள். அதை எதனாலும் சரிசெய்ய முடியாது. பிரீமியரில் `Warp Stabilizer`-ம் வேக மாற்றமும் ஒரே கிளிப்பில் சேராது. கிளிப்பின் ரேட்டிலேயே ஒரு தனி சீக்வென்ஸ் உருவாக்கி, அதில் ஸ்டெபிலைசர் போட்டு, அந்த ஃபைலை அதே ரேட்டில் எக்ஸ்போர்ட் செய்து 25 சீக்வென்ஸுக்குக் கொண்டுவருவது குழப்பமில்லாத வழி. புள்ளிபுள்ளியாக நாய்ஸ் இருந்தால் அதையும் இதே கட்டத்தில் குறைத்துவிடுங்கள். நாய்ஸ் புள்ளிகளையும் ஆப்டிகல் ஃப்ளோ துரத்திக்கொண்டு போகும்.

நண்பர் கொடுத்த 23.976 கிளிப் ஒன்று இருக்கு. அது?

25 என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். வேகம் 104.27 சதவீதம். சத்தம் இருந்தால் முக்கால் அரைச்சுரம் அளவுக்குச் சுருதி ஏறும், அதைப் பிட்ச் திருத்தத்தால் இறக்கிக்கொள்ளலாம். மற்றக் கேமராக்களோடு சேர்ந்து ஓட வேண்டிய நேரடிச் சத்தம் என்றால் இது முடியாது. 100 சதவீத வேகத்தில் வைத்து ஆப்டிகல் ஃப்ளோ போடுங்கள். `Nearest`-ல் விட்டால் செகண்டுக்கு ஒரு முறை ஒரு ஃபிரேம் இரட்டிக்கும், பான் இல்லாத ஷாட்டில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதே.

ஜெர்க் எதுவும் இல்லை, ஆனா ஒரு மணி நேர கிளிப்பில் கடைசியில் சத்தம் மூன்றரை செகண்ட் தள்ளிப் போகுது.

ஒரு மணிக்கு 3.6 செகண்ட் என்றால் காரணம் நிச்சயம்: 29.97 கிளிப்பை எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அல்லது 30-ஐ 29.97 என்று. வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்று. 3600 செகண்டில் அது 3.6. நிலைப்படுத்தும் கட்டளையில் `-r` தவறினால் சத்தம் விலகாது, ஃபிரேம்தான் எப்போதாவது ஒன்று கூடும் அல்லது குறையும். விலகல் வந்திருந்தால் `Clip Attributes` அல்லது `Interpret Footage`-ஐத் திறந்து பாருங்கள்.

எடிட்டரில் சரியா இருந்தது. எக்ஸ்போர்ட் செய்து மொபைலில் பார்த்தா மறுபடி லேசா ஜெர்க். எங்கே தப்பு?

முதலில் எக்ஸ்போர்ட் ரேட் 25 தானா என்று பாருங்கள். யூடியூபுக்கு 30 தான் நல்லது என்று எண்ணி அங்கே மாற்றினால் இவ்வளவு வேலையும் பாழ். யூடியூப் 25-ஐ அப்படியே ஏற்கும்.

ரேட் சரியென்றால், கோளாறு ஃபைலிலா திரையிலா என்று பிரித்தறிய வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை மீண்டும் 25 டைம்லைனில் கொண்டுவந்து, பான் ஷாட் ஒன்றில் தூண் விளிம்பு போன்ற நேர்கோட்டைத் தேர்ந்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி அது எத்தனை பிக்சல் நகர்கிறது என்று பத்து ஃபிரேமுக்குக் குறியுங்கள். 20, 21, 20, 19, 20 என்று வந்தால் ஃபைல் நன்றாக இருக்கிறது. 20, 20, 20, 20, 40 என்றால் ஃபிரேம் விழுந்திருக்கிறது, அந்தக் கிளிப்பில் ஆப்டிகல் ஃப்ளோ விட்டுப்போயிருக்கும். நடுவில் 0 வந்தால் ஃபிரேம் இரட்டித்திருக்கிறது, மொபைல் கிளிப்பை நிலைப்படுத்திய இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

ஃபைல் நன்றாக இருந்தும் தெரிகிறதென்றால் அது திரையின் வேலை. செகண்டுக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 25 ஃபிரேம் சமமாக உட்காராது. ஒரு படம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று காட்டும். மெயின் கேமராவின் 25 ஷாட்டிலும் அதே அளவு தெரிகிறதா என்று ஒப்பிடுங்கள். தெரிந்தால் மாற்றத்தில் பிழையில்லை. 50 ஹெர்ட்ஸில் ஓடும் டிவியில் போட்டுப் பார்த்தால் மறைந்துவிடும்.

மிக வேகமான பான் எந்த 25 ஃபிரேம் வீடியோவிலும் துடிக்கத்தான் செய்யும். திரையின் ஒரு விளிம்பில் நுழைந்த பொருள் மறு விளிம்புக்குப் போக ஏழு செகண்டாவது ஆக வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் வைத்திருக்கும் கணக்கு இதற்காகத்தான்.

அடுத்த முறை மொபைலில் எடுக்கிறவரிடம் என்ன சொல்லி வைக்கணும்?

ஐபோன் என்றால் `Settings > Camera > Record Video`-ல் `Show PAL Formats`-ஐ இயக்கினால் 25 ஃபிரேம் தேர்வு வரும். அதே பக்கத்தில் `Auto FPS`-ஐ நிறுத்தச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் ஃபிரேம் ரேட்டும் ஷட்டரும் கையால் வைக்க அனுமதிக்கும் கேமரா செயலியில் 25, 1/50.

1/50 என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மண்டப விளக்குகள் செகண்டுக்கு 100 முறை துடிக்கின்றன. 30 ஃபிரேம், 1/60 ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்க வெளிச்சம் அலையும், ரேட் மாற்றும்போது அந்த அலைவு ஆப்டிகல் ஃப்ளோவையும் குழப்பும். 30-ல் எடுத்தே ஆக வேண்டிய மொபைலிலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் அலைவு அடங்கும். ட்ரோனிலும் 25 தேர்வு இருக்கிறதா என்று பறக்கவிடும் முன் பார்த்துவிடுங்கள், அது 29.97-லேயே விடப்பட்டிருப்பதுதான் வழக்கம்.